ஒரு துளி, நான்கு வோல்ற்றளவுகள்: மின்னேற்றத்தை எண்ணிய கதை

12ஆம் வகுப்புப் பௌதிகப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு உலோகத் தட்டு, கீழே ஒரு உலோகத் தட்டு, நடுவில் அந்தரத்தில் நிற்கும் ஒரு எண்ணெய்த் துளி. பக்கத்தில் அரைப் பக்க விளக்கம். றொபேட் மில்லிகன் என்ற அமெரிக்கர் இப்படித்தான் இலத்திரனின் ஏற்றத்தை அளந்தார், அது 1.602 × 10⁻¹⁹ கூலோம், எந்தப் பொருளின் ஏற்றமும் அதன் முழு மடங்காகவே இருக்கும். அதன் பிறகு இரண்டு கணக்குகள், அடுத்த பாடம்.

அந்த அரைப் பக்கம் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறது. மின்னேற்றம் தண்ணீர் போல எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றக்கூடியதா, அல்லது அரிசி போல மணி மணியாக எண்ணக்கூடியதா என்பது ஒரு கேள்வி. எண்ணக்கூடியது என்றால் ஒரு மணி எவ்வளவு பெரியது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒரே கருவியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் வந்த வழிகள் வேறு. மில்லிகன் இரண்டாவது பதிலில் கொஞ்சம் பிழைவிட்டார், முதலாவது பதிலுக்கு அதனால் ஒரு கீறலும் விழவில்லை. அது எப்படி என்று நான் பொறியியல் படித்தபோதுகூட யாரும் விளக்கமாகச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னேற்றம், இலத்திரன் என்பவை எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் படித்த சொற்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் மின்னூட்டம், எலக்ட்ரான் என்று இருக்கும். பொருள் ஒன்றுதான்.

முதலில் 1909இல் என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம். 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவருடைய சோதனை தந்தது ஏற்றத்தைத் திணிவால் வகுத்தால் வரும் விகிதம் மட்டுமே. ஏற்றத்தைத் தனியாக அறிய அவரும் அவருடைய மாணவர்களும் முகிலைப் பயன்படுத்தினார்கள். ஒரு பாத்திரத்துக்குள் ஈரக் காற்றைத் திடீரென்று விரியவிட்டால் பனிமூட்டம் போல நுண்ணிய நீர்த்துளிகள் உருவாகும், அவற்றில் ஏற்றமும் தங்கியிருக்கும். எச். ஏ. வில்சன் 1903இல் அந்த முகிலுக்கு மேலும் கீழும் தட்டுகளை வைத்து மின்புலம் கொடுத்தார். மின்புலம் இருக்கும்போதும் இல்லாதபோதும் முகிலின் மேல் விளிம்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து ஏற்றத்தைக் கணக்கிட்டார்.

இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. முகிலில் இருப்பவை ஆயிரக்கணக்கான துளிகள், கிடைப்பதோ சராசரி. ஒரு தெருவில் வீட்டுக்குச் சராசரி 2.3 பிள்ளைகள் என்றால் யார் வீட்டிலும் 0.3 பிள்ளை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் பிள்ளைகளை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். இலத்திரனை யாரும் பார்த்ததில்லை. இலத்திரன்கள் எல்லாம் ஒரே அளவு ஏற்றம் கொண்டவையா, அல்லது சிறிதும் பெரிதுமாக இருந்து சராசரியில் அந்த எண் வருகிறதா என்று முகிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு இதைச் சந்தேகித்தவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்களுடைய சந்தேகம் நியாயமானது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மில்லிகன் அந்த முகில் முறையைத்தான் திருத்தப் பார்த்தார். முகில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கணக்கைக் கெடுக்கிறது. அதை அசையாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கலாம் என்று நினைத்தார். அதற்காகச் சிறிய மின்கலங்களை வரிசையாகக் கோர்த்து 10,000 வோல்ற் மின்கல அடுக்கு ஒன்றைத் தயாரித்தார். ஆளியைப் போட்டதும் முகில் நிற்கவில்லை, ஒரு நொடியில் காணாமல் போயிற்று. வேறு வேறு அளவு ஏற்றமுள்ள துளிகள் மேலும் கீழுமாகச் சிதறி ஓடிவிட்டன. ஆனால் சில துளிகள் மட்டும் அப்படியே அந்தரத்தில் நின்றன. அவற்றின் எடையும் மின்விசையும் தற்செயலாகச் சரிசமமாக இருந்ததால் நின்ற துளிகள் அவை. முகிலை அளக்கப் போனவருக்குத் தனித் துளி கிடைத்தது.

அந்த 1909 ஓகஸ்டில், இங்கே கனடாவில் வின்னிபெக் நகரில் பிரித்தானிய அறிவியல் சங்கம் கூடியது. ரதபோர்ட் தலைமை தாங்கிய பௌதிகப் பிரிவில் மில்லிகன் தன் நீர்த்துளி முடிவுகளைச் சொன்னார். நல்ல வரவேற்புத்தான். ஆனால் நீர்த்துளி சில நொடிகளில் ஆவியாகி இலேசாகிவிடும், நிறுத்தி வைத்து ஆறுதலாக அளக்க முடியாது. ஆவியாகாத திரவம் வேண்டும். மணிக்கூட்டுக்கு விடும் எண்ணெய் ஆவியாகக் கூடாது என்பதற்காகவே தயாரிக்கப்படுவது. அதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை யாருடையது என்பதில் ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், இப்போது துளியைப் பார்ப்போம்.

கருவி எளிமையானது. சுமார் 22 செ.மீ. விட்டமுள்ள இரண்டு பித்தளைத் தட்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, 16 மி.மீ. இடைவெளியில், நன்றாகக் கிடையாக. மேல் தட்டின் நடுவில் ஊசித் துளை. வாசனைத் திரவியப் போத்தலில் இருப்பது போன்ற தெளிப்பானால் மேலே எண்ணெயைத் தெளித்தால் நுண்துளிகள் மழை போல இறங்கும், அவற்றில் ஒன்றிரண்டு துளை வழியே உள்ளே விழும். தெளிப்பானின் வாயில் உரசி வெளியே வரும்போதே துளிகளில் ஏற்றம் தொற்றிவிடுகிறது. பக்கத்திலிருந்து பலமான ஒளியைப் பாய்ச்சி நுணுக்குக்காட்டி போன்ற சிறிய தொலைநோக்கியால் பார்த்தால் இருட்டு வானத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி மின்னும். துளியின் உருவம் தெரியாது, ஒளிப்புள்ளி மட்டும்தான் தெரியும். அதனால் அதன் பருமனை அடிக்கோல் வைத்து அளக்க வழியில்லை.

தட்டுகளுக்கு வோல்ற் கொடுத்தால் ஏற்றமுள்ள துளி மேலே இழுபடும். வோல்ற்றைக் கூட்டிக் குறைத்து ஒரு கட்டத்தில் துளி நிற்கும். அப்போது மேல் நோக்கிய மின்விசையும் கீழ் நோக்கிய எடையும் சமம்:

`qV/d = mg`

இதில் q துளியின் ஏற்றம், V வோல்ற்றளவு, d தட்டுகளின் இடைவெளி, mg எடை. இப்போது இதைக் கொஞ்சம் மாற்றி எழுதிப் பாருங்கள்: `q × V = mg × d`. வலது பக்கத்தில் இருப்பவை துளியின் எடையும் தட்டு இடைவெளியும். அதே துளி, அதே தட்டுகள் என்றால் அது மாறாது. ஆகவே துளியின் ஏற்றம் மாறினால் அதை நிறுத்தும் வோல்ற்றும் மாறும், ஆனால் இரண்டின் பெருக்கம் மாறாது. முழுக் கதைக்கும் சாவி இந்த ஒரு வரிதான்.

துளியின் ஏற்றம் ஏன் மாறும்? காற்றில் எப்போதும் சில அயன்கள் உலவுகின்றன. பக்கத்தில் ரேடியத்தை வைத்தாலோ எக்ஸ் கதிரைப் பாய்ச்சினாலோ இன்னும் நிறைய உருவாகும். சமநிலையில் நிற்கும் துளியில் ஒரு அயன் வந்து ஒட்டினால் துளி திடீரென்று மேலேயோ கீழேயோ ஓடத் தொடங்கும். உடனே வோல்ற்றைத் திருத்தி அதே துளியை மறுபடியும் பிடித்து நிறுத்தலாம். எண்ணெய் ஆவியாகாததால் ஒரே துளியை மணிக்கணக்காக வைத்திருந்து இப்படித் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். இது மில்லிகனின் துளி அல்ல, பாடசாலை ஆய்வுகூடத்தில் கிடைக்கக்கூடிய மாதிரி நான் போட்டுக் காட்டும் எண்கள். தட்டு இடைவெளி 6 மி.மீ. ஒரு துளியைப் பிடிக்கிறீர்கள். அது 271 வோல்ற்றில் நிற்கிறது. சிறிது நேரத்தில் ஓர் அயன் மோதுகிறது, துளி விழத் தொடங்குகிறது, 364 வோல்ற் கொடுத்தால்தான் நிற்கிறது. பிறகு 219. பிறகு ஒரே தாவலில் 543. நான்கு அளவுகள், ஒரே துளி.

துளியின் எடை தெரியாது, ஏற்றமும் தெரியாது. ஆனாலும் ஒன்று செய்யலாம். மிகப் பெரிய வோல்ற் 543, அங்கேதான் ஏற்றம் மிகக் குறைவு. அதை ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். 543ஐ 271ஆல் வகுத்தால் 2.00. ஆகா, முழு எண். 543ஐ 364ஆல் வகுத்தால் 1.49. 219ஆல் வகுத்தால் 2.48. இங்கே முழு எண் உடைந்துபோய்விட்டதா? இல்லை. ஒன்றரையும் இரண்டரையும் வருகிறது என்றால் நாங்கள் ஒன்று என்று வைத்துக்கொண்டது உண்மையில் இரண்டு. எல்லாவற்றையும் இரட்டித்தால் 2, 3, 4, 5 என்று வருகிறது. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 2 × 543 = 1086, 3 × 364 = 1092, 4 × 271 = 1084, 5 × 219 = 1095. நான்கும் கிட்டத்தட்ட 1090. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள், அது கையும் கண்ணும் விடும் பிழை.

இதில் என்ன பயன்படுத்தினோம் என்று கவனியுங்கள். ஒரு வோல்ற்றுமானி, ஒரு துளி, அவ்வளவுதான். எண்ணெயின் அடர்த்தி தேவைப்படவில்லை, துளியின் ஆரை தேவைப்படவில்லை, காற்றைப் பற்றி எதுவும் தேவைப்படவில்லை. ஏற்றம் படி படியாகத்தான் மாறுகிறது, படிகளுக்கு நடுவில் எங்கேயும் நிற்பதில்லை. இது எண்ணிப் பெற்ற முடிவு. நாலே அளவுகளை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாதுதான், நாளைக்கு 3½க்குரிய இடத்தில் துளி நின்றால் எல்லா எண்களையும் மறுபடியும் இரட்டிக்க வேண்டிவரும். ஆனால் நூற்றுக்கணக்கான தாவல்களைப் பார்த்த பிறகும் அந்த அரைப் படி வரவேயில்லை என்றால் படி அதுதான்.

இலங்கைப் பாடநூல்களில் குவாண்டம் என்பதற்குச் 'சொட்டு' என்று ஒரு சொல் உண்டு. ஏற்றம் சொட்டுச் சொட்டாக வருகிறது என்பதைச் சொட்டுகளை வைத்தே கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம்.

இனி இரண்டாவது கேள்வி. 1090 என்பது ஒரேயொரு படி ஏற்றம் மட்டும் இருந்தால் அந்தத் துளியை நிறுத்தத் தேவைப்படும் வோல்ற். அதை வைத்து ஒரு படி எத்தனை கூலோம் என்று சொல்ல வேண்டுமானால் துளியின் எடை வேண்டும். ஒளிப்புள்ளியாக மட்டுமே தெரியும் ஒன்றை எப்படி நிறுப்பது?

வோல்ற்றை நிறுத்திவிட்டுத் துளியை விழவிடுங்கள். காற்றுத் தடையால் அது உடனேயே ஒரு சீரான வேகத்துக்கு வந்துவிடும். பெரிய துளி வேகமாக விழும், சிறியது மெதுவாக. நமது துளி 10 நொடியில் 1 மி.மீ. விழுகிறது என்று வையுங்கள். ஸ்ரோக்கின் விதியில் காற்றின் பாகுநிலையையும் (காற்று எவ்வளவு 'பிசின்' போலத் தடுக்கிறது என்ற அளவு) எண்ணெயின் அடர்த்தியையும் போட்டால் ஆரை 0.96 மைக்ரோமீற்றர் என்று வரும். அதிலிருந்து எடை, அதிலிருந்து ஒரு படி ஏற்றம்: 1.8 × 10⁻¹⁹ கூலோம்.

புத்தகத்தில் இருப்பது 1.6. பதின்மூன்று சதவீதம் அதிகமாக வந்துவிட்டது. ஏனென்றால் ஸ்ரோக்கின் விதி காற்றைத் தொடர்ச்சியான ஒரு திரவமாக நினைக்கிறது. ஒரு மைக்ரோமீற்றர் துளிக்குக் காற்று அப்படி இல்லை. அதன் மூலக்கூறுகளுக்கு நடுவிலிருக்கும் வெற்றிடம் துளியின் பருமனோடு ஒப்பிடத்தக்கதாக இருப்பதால் துளி அந்த இடைவெளிகளுக்குள் வழுக்கி, விதி சொல்வதைவிட வேகமாக விழுகிறது. மில்லிகன் இதைக் கண்டுபிடித்த விதம் எளிமையானது. சிறிய துளிகளை வைத்துக் கணக்கிட்டால் இலத்திரனின் ஏற்றம் பெரிதாக வந்தது, பெரிய துளிகளில் சிறிதாக வந்தது. இலத்திரனுக்குத் துளியின் பருமன் தெரியாது, ஆகவே பிழை விதியில்தான். அதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார். அந்தத் திருத்தத்தோடு நமது துளியின் ஆரை 0.92 மைக்ரோமீற்றர், திணிவு சுமார் 3 பிக்கோகிராம். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. ஒரு படி ஏற்றம் 1.60 × 10⁻¹⁹ கூலோம்.

பாருங்கள், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் 2, 3, 4, 5 என்ற எண்கள் அசையவில்லை. அவற்றுக்கும் ஸ்ரோக்குக்கும் சம்பந்தமே இல்லை.

மில்லிகன் 1913இல் வெளியிட்ட பெறுமானம், இன்றைய அலகில், 1.592 × 10⁻¹⁹ கூலோம். உண்மையைவிட சுமார் 0.6 சதவீதம் குறைவு. அவர் சோம்பேறித்தனமாகச் செய்யவில்லை. வெப்பநிலை மாறினால் காற்றோட்டம் துளியைத் தள்ளும் என்பதற்காக முழுக் கருவியையும் எண்ணெய் நிரப்பிய தொட்டிக்குள் இறக்கி 23 பாகையில் வைத்திருந்தார். துளி 'சரியாக நிற்கிறது' என்பதைக் கண்ணால் தீர்மானிப்பது கடினம் என்பதால் நிறுத்துவதைக் கைவிட்டு, மின்புலம் இல்லாமல் விழும் நேரத்தையும் மின்புலத்தில் ஏறும் நேரத்தையும் நிறுத்தற் கடிகாரத்தால் அளந்தார். பிழை வந்தது வேறு இடத்திலிருந்து. அவர் பயன்படுத்திய காற்றின் பாகுநிலைப் பெறுமானம் சற்றுக் குறைவாக இருந்தது. பாகுநிலையில் வரும் பிழை ஏற்றத்தில் ஒன்றரை மடங்காகத் தெரியும். பளிங்குகளை எக்ஸ் கதிரால் அளந்து வேறொரு வழியில் இலத்திரனின் ஏற்றத்தைக் கணக்கிட்டவர்களுக்குப் பெரிய எண் கிடைத்தபோதுதான், 1930களில், இது வெளிச்சத்துக்கு வந்தது. இருபது வருடம் உலகம் முழுதும் பிழையான எண்ணைப் பயன்படுத்தியது. அதனால் ஒருவரும் ஏற்றம் எண்ணக்கூடியதுதானா என்று மறுபடியும் சந்தேகிக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பு ஒருவர் சந்தேகித்தார், பலமாகவே. வியன்னாவில் ஃபெலிக்ஸ் ஏரன்ஹாஃப்ட் என்பவர் இதே மாதிரிச் சோதனைகளைச் செய்து, இலத்திரனைவிடச் சிறிய ஏற்றங்கள் தனக்குக் கிடைப்பதாக 1910இலிருந்து எழுதினார். மில்லிகனுடைய எண்களையே எடுத்துத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அவையும் சிதறித்தான் கிடக்கின்றன என்றும் காட்டினார். ஏரன்ஹாஃப்ட் பயன்படுத்தியவை பெரும்பாலும் வெள்ளி, பாதரசம் போன்றவற்றின் மிக நுண்ணிய துகள்கள். அவை உருண்டையானவையா, அடர்த்தி முழு உலோகத்துடையதேயா என்று நிச்சயமில்லை. எடையைப் பிழையாகப் போட்டால் ஏற்றமும் பிழையாக வரும். சிறிய துகள் என்றால் காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அது நடுங்கிக்கொண்டும் இருக்கும். என் கணிப்பில் ஏரன்ஹாஃப்ட் தோற்றது இங்கேதான். ஒவ்வொரு துகளின் எடையையும் நம்பிக் கூலோம் கணக்கில் பதிலைத் தேடினார். ஒரே துளியின் தாவல்களை எண்ணுவது அந்த நம்பிக்கையை வேண்டாததாக்குகிறது.

இந்தச் சண்டை மில்லிகனையும் ஒரு மோசமான வாக்கியத்துக்குத் தள்ளியது. 1910 கட்டுரையில் அவர் வெளிப்படையாக இருந்தார். துளிகளுக்கு நட்சத்திரக் குறியிட்டுத் தரம் பிரித்தார், 30 சதவீதம் குறைவாக வந்த ஒரு துளியை விட்டுவிட்டேன் என்றும் எழுதினார். எதிராளி அதையே பிடித்துக்கொண்டார். 1913 கட்டுரையில் 58 துளிகளைத் தந்து, இவை தேர்ந்தெடுத்தவை அல்ல, 60 நாட்களில் தொடர்ச்சியாகச் சோதித்த அத்தனையும் இவைதான் என்ற பொருளில் எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து ஜெரால்ட் ஹோல்ற்றன் என்ற வரலாற்றாசிரியர் அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளைத் திறந்து பார்த்தார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் இருந்தன. சில பக்கங்களில் அழகானது, நிச்சயம் வெளியிட வேண்டும் என்ற மாதிரிக் குறிப்புகள். சிலவற்றில் பிழை அதிகம், பயன்படுத்தப் போவதில்லை என்று.

இதைப் படித்துவிட்டு இணையத்தில் மில்லிகனை மோசடிக்காரர் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனால் மூடி மறைக்கவும் மாட்டேன். அலன் ஃபிராங்க்லின் என்பவர் 1981இல் விடுபட்ட துளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார். இறுதி எண் கிட்டத்தட்ட மாறவில்லை, நிச்சயமின்மைதான் சற்றுக் கூடியது. காற்றோட்டம் தள்ளிய துளியை, தூசு ஒட்டிய துளியை விடுவது எந்த ஆய்வுகூடத்திலும் நடப்பதுதான். விட்டதற்குக் காரணம் எழுதினால் போதும். விட்டுவிட்டு எதையும் விடவில்லை என்று எழுதியதுதான் தவறு, அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

நீங்கள் பாடசாலையில் இதைச் செய்யும்போதும் இதே இடத்தில்தான் சறுக்கும், வேறு விதமாக. பெரும்பாலான மாணவர்கள் துளிக்குத் துளி ஏற்றத்தைக் கணக்கிட்டு, அதைத் தெரிந்த 1.6ஆல் வகுத்து, கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டி, ஏற்றம் முழு மடங்கு என்று நிரூபிக்கப்பட்டது என்று எழுதிவிடுவார்கள். இதில் நிரூபணம் எதுவும் இல்லை. எந்த எண்ணையும் மட்டந்தட்டினால் முழு எண்தான் வரும். துளியில் 40 படி ஏற்றம் இருந்து உங்கள் அளவில் 3 சதவீதம் பிழை இருந்தால், அது 39ஆ 41ஆ என்று உங்களுக்கே தெரியாது. அதனால் ஏற்றம் குறைந்த துளியைத் தேடுங்கள். அதிக வோல்ற்றில்கூட மெதுவாகத்தான் அசையும் சிறிய துளி அது, பொறுமை வேண்டும். கிடைத்ததும் அதை விடாமல் பிடித்து அதன் தாவல்களை எழுதுங்கள். நிறுத்தும் வோல்ற் சட்டென்று தாவினால் அயன் ஒட்டியிருக்கிறது. மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நழுவினால் துளி ஆவியாகிறது. துளி பக்கவாட்டில் நகர்ந்தால் தட்டு கிடையாக இல்லை, அல்லது விளக்கின் சூட்டில் காற்று சுழல்கிறது.

இனி அந்த எண்ணெய் வழக்கு. வின்னிபெக்கிலிருந்து ரயிலில் திரும்பும்போது எண்ணெய் யோசனை தனக்குத் தோன்றியதாக மில்லிகன் எழுதியிருக்கிறார். ஹார்வி பிளெச்சர் சொன்ன கதை வேறு. பிளெச்சர் யூற்றாவிலிருந்து வந்த முனைவர்பட்ட மாணவர். நீருக்குப் பதிலாக என்ன பயன்படுத்தலாம் என்று பேச்சு வந்தபோது, கடையில் ஒரு தெளிப்பானும் மணிக்கூட்டு எண்ணெயும் வாங்கி வந்து, அவசரமாக ஒரு கருவியைப் பொருத்தி, முதன்முதலில் அந்த ஒளிப்புள்ளிகளைப் பார்த்தவர் தானே என்கிறார். பிறகு இருவரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். கட்டுரை எழுதும் நேரம் மில்லிகன் பிளெச்சருடைய வீட்டுக்கு வந்தார். முனைவர் பட்டத்துக்குக் கொடுக்கும் கட்டுரையில் மாணவர் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னார். இலத்திரனின் ஏற்றம் பற்றிய கட்டுரை தன் பெயரில், துளிகளின் நடுக்கத்தைப் பற்றிய கட்டுரை பிளெச்சரின் பெயரில் என்று ஏற்பாடாயிற்று. 1923இல் நோபல் பரிசு மில்லிகனுக்குத் தனியாகக் கிடைத்தது. பிளெச்சர் பெல் ஆய்வுகூடத்துக்குப் போய், செவிப்புலனையும் ஒலியையும் ஆராய்ந்து, அங்கே பெரிய பெயர் எடுத்தார். இந்தக் கதையை எழுதி வைத்துவிட்டு, தான் இறந்த பிறகே வெளியிட வேண்டும் என்று நண்பரிடம் கொடுத்தார். அது 1982இல் வெளிவந்தது. மில்லிகன் மீது அதில் பகை இல்லை. இருந்தாலும் அந்த முதல் கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஏற்றம் ஏன் முழு அலகுகளில் வருகிறது என்பதற்குச் சுருக்கமான பதில், துளி பெறுவதும் இழப்பதும் முழு இலத்திரன்களையும் முழு அயன்களையும்தான், அரை இலத்திரன் என்று ஒன்று இல்லை. ஆனால் இது கேள்வியைத் தள்ளிப்போடுகிறது. புரோத்தன் இலத்திரனோடு எந்த விதத்திலும் ஒத்ததல்ல, திணிவு ஆயிரத்து எண்ணூறு மடங்குக்கும் மேல். அப்படியிருக்க ஏற்றம் மட்டும் ஏன் இத்தனை துல்லியமாகச் சமமாகவும் எதிராகவும் இருக்கிறது? தனிக் காந்த முனை ஒன்று உலகில் எங்காவது இருந்தால் ஏற்றம் கட்டாயம் படி படியாகத்தான் இருக்க வேண்டும் என்று டிராக் 1931இல் காட்டினார். அந்த முனையை இன்றுவரை யாரும் காணவில்லை. புரோத்தனுக்குள் இருக்கும் குவார்க்குகளின் ஏற்றமோ மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. ஆனால் அவை தனியாக வெளியே வருவதில்லை, மூன்றாகவோ சோடியாகவோ சேர்ந்து முழு எண்ணாகத்தான் வருகின்றன. 1977இல் ஸ்ரான்ஃபோர்டில் வில்லியம் ஃபேர்பாங்க், நியோபியம் உருண்டைகளில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றத்தைக் கண்டதாக அறிவித்தார். வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை. அவருடைய மகன் ஃபிராங்க்லினோடு சேர்ந்து மில்லிகனின் பழைய குறிப்பேடுகளில் மூன்றில் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தேடினார், நம்பத்தக்க எதுவும் இல்லை. பிறகு மாட்டின் பேளும் குழுவினரும் கமெராவையும் கணினியையும் பூட்டி அதே எண்ணெய்த் துளி முறையில் கோடிக்கணக்கான துளிகளைப் பார்த்தார்கள். அவற்றிலும் தனிக் குவார்க் சிக்கவில்லை.

2019 மே 20ஆம் தேதியிலிருந்து இலத்திரனின் ஏற்றம் அளக்கப்படும் எண் அல்ல. 1.602176634 × 10⁻¹⁹ கூலோம் என்று சர்வதேச அலகு முறை அதை நிர்ணயித்துவிட்டது, அதிலிருந்துதான் கூலோமே வரையறுக்கப்படுகிறது. ஆகவே இந்த வருடம் உங்கள் பாடசாலையில் துளியை நிறுத்தி, விழவிட்டு, கணக்குப் போட்டு 1.59 வந்தால், இலத்திரனைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தட்டு இடைவெளியை எவ்வளவு சரியாக அளந்தீர்கள், அந்த அறையின் காற்று எவ்வளவு பிசினாக இருந்தது என்பதைச் சொல்கிறது. மில்லிகனுக்குப் பிழைவிட்ட அதே பாகுநிலையை அவருடைய கருவியாலேயே இன்றைக்கு அளக்கலாம்.